ட்ரையர் ஓடி முடிஞ்சும் உடுப்பு ஈரமா? பின்னால பைப்பைப் பாருங்கோ

லீவுக்குத் திருமலைக்கு வந்து நிக்கிறன், உப்புவெளியில அக்கா வீட்டுக் கொடியில காலமை போட்ட துவாய் கச்சான் காத்துக்கு பத்து மணிக்கே மொறுமொறுவெண்டு காஞ்சிடுது. அந்த நேரம், ஸ்காபரோவுக்குப் புதுசா போன அக்கா மகன் போன் எடுக்கிறான், அங்க நடுச்சாமம். “மாமா, ட்ரையரை ரெண்டு தரம் ஓடவிட்டிட்டன், ஜீன்ஸ் இன்னும் ஈரம், மூண்டாந்தரம் போட்டிட்டுப் படுக்கவோ?”

போடாத, நிப்பாட்டு எண்டன். நித்திரையில, வீட்டில ஆக்கள் இல்லாத நேரத்தில ட்ரையர் ஓடவே கூடாது.

உடுப்பு சுடுதோ குளிருதோ எண்டு கேட்டன், சுடச்சுட ஈரமாம். அப்ப ஹீற்றர் நல்லா வேலை செய்யுது, ஈரக் காத்துத்தான் வெளிய போக வழியில்லாம உள்ளயே சுத்துது. உடுப்பில இருந்து உதிருற பஞ்சு, லின்ற் எண்டு சொல்லுவினம், பைப்புக்குள்ள சேந்து அடைச்சிடும், அது சூடேறினா லேசில பத்தும். சில நேரம் சூடு கூடி தெர்மல் பியூஸ் போய் மெஷின் சூடில்லாம சும்மா சுத்தும், அப்ப அடைப்பை எடுக்காம பியூஸை மட்டும் மாத்தினா திரும்பவும் போகும்.

விடிஞ்சாப்பிறகு ட்ரையரை ஓடவிட்டு வெளிச் சுவரில காத்து வாற மூடியைப் பாக்கச் சொன்னன். நல்லாத் திறந்து காத்து அடிக்கோணும், அது அசையவே இல்லையாம். வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, பிளக்கைக் கழட்டி மெஷினை இழுத்துப் பாத்தா பின்னால வெள்ளை பிளாஸ்டிக் பைப், சுவரோட நசிஞ்சு, உள்ளுக்குத் தலகணி மாதிரி பஞ்சு. அந்தப் பிளாஸ்டிக்கே எரியிற சாமான், எங்க கண்டாலும் மாத்தச் சொல்லுங்கோ. நாலு இஞ்சி மெட்டல் பைப், வளைவு குறைய, நீளம் குறைய, பொருத்தை அலுமினிய டேப்பால ஒட்டோணும், ஸ்க்ரூ அடிச்சா அதின்ர நுனியில பஞ்சு சிக்கும். காஸ் ட்ரையர் எண்டா நீங்கள் இழுக்க வேண்டாம், டெக்னீசியன்தான் வரோணும், அதில பைப் அடைச்சா கார்பன் மொனொக்சைட் வீட்டுக்குள்ள வரும்.

புதுப் பைப்போட அதே ஜீன்ஸ் ஒரு தரத்தில காஞ்சிட்டுதாம்.

பில்டரை ஒவ்வொரு தரமும் துடைக்கிறது எல்லாருக்கும் தெரியும், ஆனா உடுப்போட வாசனைத் தாள் போடுற ஆக்கள் அந்தப் பில்டரில தண்ணி ஊத்திப் பாருங்கோ, தண்ணி இறங்காம நிண்டா மெழுகு படிஞ்சிருக்கு, பிரஷால சோப் போட்டுக் கழுவி காயவிட்டுப் போடுங்கோ.

எங்கட ஆக்களுக்கு முக்கியமா ஒண்டு. எண்ணெய் வைச்சுத் தோய்ஞ்ச துவாயை ட்ரையரில போடாதேங்கோ. தோய்ச்சாலும் நல்லெண்ணெய் முழுக்கப் போகாது, சூட்டோட எடுத்துக் குவிச்சு வைச்சா தானாச் சூடேறி மணித்தியாலம் கழிச்சும் பத்தும். பேஸ்மென்ற்றிலயே ஒரு கொடி கட்டி அதில போடுங்கோ.

ட்ரையருக்குள்ள புகை கண்டா அதின்ர கதவைத் திறக்காதேங்கோ, காத்துப் போனா நெருப்புக் கூடும். எல்லாரும் வெளிய வந்து 911 அடியுங்கோ.