அரங்கேற்ற அழைப்பிதழில் "ஞாயிறு மாலை 6 மணி" என்று போடுவதற்கு முன்

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஒரு ப்ரூஃப் அனுப்பியிருந்தாள். தண்டையார்பேட்டையில் இப்போது அவளே வகுப்பு நடத்துகிறாள். அவளிடம் படிக்கும் பெண்ணுக்கு முதல் அரங்கேற்றம். "மிஸ், ஒரு தடவை பார்த்துடுங்க, இன்னிக்கே பிரஸ்ஸுக்குக் கொடுக்கணும்." ஞாயிற்றுக்கிழமை, மாலை சரியாக 6.00 மணி என்று இருந்தது. எனக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. பத்தொன்பது வருடங்களுக்கு முன் என் முதல் மாணவிக்கு நான் அடித்த அழைப்பிதழிலும் அதே ஞாயிறு, அதே ஆறு மணி.

பெயரில் எழுத்துப் பிழை, தேதிக்கும் கிழமைக்கும் பொருந்தாமை இதையெல்லாம் அச்சகத்துக்காரரே பிடித்துவிடுவார். அவரால் பிடிக்க முடியாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஆறு மணி எங்கிருந்து வருகிறது

ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் மாலை 4.30 முதல் 6 வரை. விடுமுறை நாள் என்பதால் எல்லோரும் ஞாயிற்றைத்தான் கேட்கிறார்கள். ராகுகாலத்தில் விளக்கேற்ற வீட்டுப் பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள். ஆக, 6 மணி. ஹாலோ மாலை 5 முதல் 9 வரை என்றுதான் கிடைக்கும். ஆறுக்குத் தொடங்கினால் மூன்று மணி நேரம் இருக்கிறதே, தாராளம் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். புஷ்பாஞ்சலி, அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம் நான்கும் சேர்ந்து சுமார் 34 நிமிடம். வர்ணம் 40. அதற்குப் பிறகு பதம், கீர்த்தனை, தில்லானா, மங்களம் 33. ஆட்டம் மட்டும் 107 நிமிடம். ஒவ்வொரு உருப்படிக்கும் முன்னால் அறிமுகம் சொல்பவர் இரண்டு நிமிடம் எடுத்தால் அது ஒரு கால் மணி. வர்ணம் முடிந்து பெண் உடை மாற்றிவரும்போதுதான் வாழ்த்துரையும் பக்கவாத்தியக்காரர்களுக்கு மரியாதை செய்வதும் நடக்கும். அதற்கு அரை மணி. குத்துவிளக்கு, இறைவணக்கம், மேடைக்கு அழைப்பது எல்லாம் கால் மணி. மொத்தம் 167 நிமிடம். 6.00க்கே தொடங்கினால் 8.47க்கு முடியும். மேடையைக் காலி செய்யக் கையில் இருப்பது 13 நிமிடம்.

என் முதல் மாணவியின் அரங்கேற்றத்தன்று 6.00க்குத் தொடங்கவில்லை. சிறப்பு விருந்தினர் வந்தது 6.50க்கு. அவர் கையால்தான் விளக்கேற்ற வேண்டும் என்று அழைப்பிதழில் போட்டிருந்ததால், பெண் முழு அலங்காரத்தோடு திரைக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்தாள். சலங்கை கட்டிய கால், உட்காரவும் முடியாது. 7 மணிக்குப் புஷ்பாஞ்சலி. வர்ணம் முடியும்போது 8.24. விருந்தினர் நன்றாகத்தான் பேசினார், ஆனால் நிறையப் பேசினார். 8.54க்கு ஹால் ஊழியர் பக்கவாட்டுக் கதவில் வந்து நின்று கையிலிருந்த சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டினார்.

பதத்தையும் கீர்த்தனையையும் விட்டுவிட்டோம். அந்தப் பதத்தை அவள் எட்டு மாதம் பழகியிருந்தாள். வேகமாக ஒரு தில்லானா, மங்களம். அதற்குள் கடைசி இரண்டு வரிசை விளக்குகளை அணைத்துவிட்டார்கள். கூடுதலாக ஒரு மணி நேர வாடகையும் கட்டினோம். என் குருவுக்கு அப்போது எழுபதைத் தாண்டிய வயது. மயிலாப்பூரிலிருந்து பஸ்ஸில் வந்தவர், திரும்ப நேரமாகிவிடும் என்று பேச்சின் நடுவில் எழுந்து போய்விட்டார். தில்லானாவை அவர் பார்க்கவில்லை. ஹால் பணம் மறந்துவிட்டது. இது மறக்கவில்லை.

நேரத்தை எப்படிப் போடுவது? எனக்குத் தெரிந்த வழி இரண்டு.

முதலாவது, சனிக்கிழமைக்கு மாறுவது. அன்று ராகுகாலம் காலை 9 முதல் 10.30 வரை, எமகண்டம் பகல் 1.30 முதல் 3 வரை. மாலை முழுவதும் கையில் இருக்கிறது. 5.15க்கு விளக்கேற்றி 5.30க்குப் புஷ்பாஞ்சலி என்றால் 8 மணியைக் கொஞ்சம் தாண்டி மங்களம். குழந்தைகளோடு வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகக் கிளம்பலாம்.

ஞாயிறுதான் வேண்டும் என்றால் ஹாலை 4 மணியிலிருந்து எடுங்கள். 4.10க்கு குடும்பம், குரு, பக்கவாத்தியம் மட்டும் இருக்க மேடை பூஜையையும் விளக்கையும் முடித்துவிடுங்கள். புஷ்பாஞ்சலி இங்கும் 5.30க்குத்தான். காரியம் தொடங்கிவிட்டது, இனி அது தொடர்கிறது, அவ்வளவுதான். பெரும்பாலான பாட்டிமார் இதை ஒப்புக்கொள்கிறார்கள். ஒப்புக்கொள்ளாத பாட்டி இருக்கும் வீட்டில் சனிக்கிழமைக்குப் போய்விடுவதே நல்லது.

எந்த வழியானாலும் சிறப்பு விருந்தினரை விளக்கோடு முடிச்சுப் போடாதீர்கள். அவருக்கென்று தனி நேரம் அச்சிடுங்கள்: "வர்ணத்தைத் தொடர்ந்து, மாலை 7.00 மணி அளவில், வாழ்த்துரை." அவர் தாமதமாக வந்தாலும் ஆட்டம் நிற்காது. அவருக்கும் சங்கடம் இல்லை.

சலங்கை பூஜை நேரத்தை இதே அட்டையில் போடுகிறார்கள் சிலர். அது குருவும் வீட்டாரும் இருந்து செய்வது, அரங்கேற்றத்துக்கு முன்பே ஒரு நாளில் முடிந்துவிடும். இரண்டு தேதி, இரண்டு நேரம் ஒரே அட்டையில் இருந்தால் பாதிப் பேர் தவறான நாளில் கோயில் வாசலில் நிற்பார்கள்.

"நம்ம ஏரியா ஆளுங்க எப்படியும் லேட்டாத்தான் வருவாங்க, அரை மணி முன்னாடியே போட்டுடுவோம்" என்று ஒரு யோசனை உண்டு. வேண்டாம். நேரத்துக்கு வருகிற முதியவர்கள்தான் அதில் அவதிப்படுவார்கள். இதே வடசென்னையில், ஜார்ஜ் டவுனில், வீணை தனம்மாள் வீட்டு வெள்ளிக்கிழமைக் கச்சேரிக்கு ஆட்கள் ஒழுங்காக வந்து சத்தமில்லாமல் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். அவர் பேத்திதான் பாலசரஸ்வதி.

இடம்

பெரம்பூர் பாரக்ஸ் ரோடு பெரம்பூரில் இல்லை. அது பட்டாளம், புரசைவாக்கம் பக்கம். முகவரியில் சாலைப் பெயரை மட்டும் பார்த்த உறவினர்கள் பெரம்பூர் ரயில் நிலையத்தில் இறங்கிவிட்டு போன் செய்வார்கள். அந்த நேரத்தில் உங்கள் கையில் மகளின் தலைசாமான் இருக்கும். ரயில் நிலையத்திலும் பெரம்பூர் என்று மட்டும் சொல்ல முடியாது. பெரம்பூர் கேரேஜ், பெரம்பூர் லோகோ என்று பக்கத்திலேயே வேறு இரண்டு நிலையங்கள் இருக்கின்றன. பேட்டையின் பெயர், அருகிலுள்ள கோயிலோ தியேட்டரோ, இறங்க வேண்டிய நிலையம், மூன்றையும் எழுதுங்கள். கொருக்குப்பேட்டை கேட்டைத் தாண்டி வர வேண்டியவர்களுக்கு அதையும் வாய்மொழியாகச் சொல்லிவிடுங்கள். கேட் மூடினால் எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது.

ஹால் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் இல்லை என்றால் அதை மறைக்காதீர்கள். முழங்கால் வலிக்காரர்கள் படியைப் பார்த்துவிட்டுத் திரும்புவதைவிட, முன்பே தெரிந்து மெதுவாக ஏறிவருவது மேல்.

உடை

"பாரம்பரிய உடை அவசியம்." இந்த ஒரு வரியால் ஒருவர் திரும்பிப் போனதை நான் பார்த்திருக்கிறேன். பெண்ணின் அப்பா துறைமுகத்தில் வேலை பார்ப்பவர். அவரோடு வேலை செய்பவர் ஷிஃப்ட் முடிந்து பேன்ட், சட்டையில் நேராக வந்தார். வாசலில் எல்லோரும் பட்டு வேட்டியில் நிற்பதைப் பார்த்தார், கையிலிருந்த அழைப்பிதழை ஒரு முறை பார்த்தார், பரிசுப் பையை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அப்பாவுக்கு மறுநாள்தான் தெரிந்தது.

"வேட்டி, புடவை உடுத்தி வந்தால் மகிழ்வோம். பணியிலிருந்து நேரே வருவோர் அப்படியே வரலாம்" என்று எழுதினால் போதும். மேடைக்கு அழைக்கப்படுபவர்களிடம் மட்டும், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும் என்று நேரில் சொல்லிவையுங்கள். சாக்ஸ் போட்டு வழுக்கியவர்களும் உண்டு.

பெரியவர்களும் ஆசிரியர்களும்

"வரவும்", "அணியவும்", "தவிர்க்கவும்." இவை நோட்டீஸ் போர்டு மொழி. பெரியவர்களுக்குப் போகும் அட்டையில் இந்த "வும்" ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பது என் பிடிவாதம். அழைப்பவர் பெற்றோராக இருக்கட்டும்; பன்னிரண்டு வயதுப் பெண் தன் பெயரில் தாத்தாக்களை அழைப்பது நன்றாக இல்லை. நான் எழுதிக்கொடுக்கும் வாசகம் இது:

"எங்கள் மகள், தன் குருவின் ஆசியோடு பரதநாட்டிய அரங்கேற்றம் காண்கிறாள். பெரியவர்களும், அவளுக்குக் கற்பித்த ஆசிரியப் பெருமக்களும் குடும்பத்துடன் வந்திருந்து, முழு நிகழ்ச்சியையும் கண்டு, குழந்தையை ஆசீர்வதிக்கும்படி பணிவுடன் வேண்டுகிறோம்."

குருவின் பெயர் மாணவியின் பெயருக்கு அடுத்து வர வேண்டும், சிறப்பு விருந்தினருக்குக் கீழே அல்ல. நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், வயலின், புல்லாங்குழல் என்று யார் யார் என்பதும் அட்டையிலேயே வேண்டும். இடமில்லை என்றால் பூ டிசைனை எடுங்கள்.

பட்டத்தை நீங்களாகச் சேர்க்காதீர்கள். கலைமாமணி தமிழ்நாடு அரசு தரும் விருது. ஆசையில் ஒரு பெற்றோர் என் பெயருக்கு முன்னால் அதைப் போட்டு முந்நூறு அட்டை அடித்துவிட்டார். அத்தனையிலும் ஸ்டிக்கர் ஒட்டினோம்.

குருவின் குருவுக்கும், பள்ளியில் அனுமதி கொடுத்து ஒத்திகைக்கு அனுப்பிய வகுப்பாசிரியருக்கும் வாட்ஸ்அப் படம் போதாது. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ வைத்து, பெண்ணையும் அழைத்துப் போய் நேரில் கொடுங்கள். நிகழ்ச்சி எத்தனை மணிக்கு முடியும் என்று அப்போதே சொல்லிவிடுங்கள். திரும்பிப் போக வண்டி ஏற்பாடு உண்டென்றால் அதையும்.

சாப்பாடு

உண்டு என்றால் எழுதுங்கள். இல்லை என்றால் அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

நடராஜர் படம்

வேண்டாம். நிகழ்ச்சி முடிந்து நாற்காலிக்கு அடியில் கிடப்பதை நான் பொறுக்கியிருக்கிறேன்.

தொடர்பு எண்

அம்மாவுடையது அல்ல. அன்று அம்மா மேக்கப் அறையில் இருப்பார். சித்தப்பாவுடையது.