இஎல்டி என்று பெயர் வைத்து இடிஎல் எழுதுகிறவர்களுக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவிலில் எங்கள் குழுவுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளின் பைப்லைன்களைப் பார்த்துத் திருத்துவது என் வேலைகளில் ஒன்று. கடவுச்சொல்லை ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதி வைப்பது, சோதனைக்கும் நிஜத்துக்கும் ஒரே டேபிளைப் பயன்படுத்துவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. ஒரு முறை திட்டு வாங்கினால் அதெல்லாம் தானாகப் போய்விடும். திட்டினாலும் போகாத சில உண்டு. அவற்றில் முதலாவதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

ஏற்றும் முன்பே ‘கொஞ்சம்’ சுத்தம் செய்வது

இடிஎல் முறையில் தரவை எடுத்து, வழியில் வேறொரு சர்வரில் மாற்றி, முடிவை மட்டும் வேர்ஹவுஸில் ஏற்றுவோம். வேர்ஹவுஸில் இடமும் கணிப்புத் திறனும் விலை கூடியதாக இருந்த காலத்தில் அது நியாயமான ஏற்பாடு. பிக்குவெரி, ஸ்னோஃப்ளேக் போன்ற கிளவுட் வேர்ஹவுஸ்களில் சேமிப்புக்குத் தனிக்கணக்கு, கணிப்புக்குத் தனிக்கணக்கு. அதனால் வந்தது வந்தபடி ஏற்றிவிட்டு, மாற்றங்களை உள்ளேயே எஸ்க்யூஎல்லில் செய்கிறோம். இதுதான் இஎல்டி.

எல்லோரும் இதைத் தலையாட்டிக் கேட்பார்கள். பிறகு ஏற்றுகிற பைதான் ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தால், நடுவில் பத்து வரி ‘கிளீனிங்’ இருக்கும். கேட்டால், “சும்மா தப்பான வரியை மட்டும் எடுத்துட்டேன் அண்ணே” என்பார்கள். அந்தப் பத்து வரி என்ன செய்யும் என்பதற்கு ஒரு கேஸ்.

குலசேகரம், திருவட்டாறு பக்கத்தில் ரப்பர் பால் வாங்குகிற ஒரு நிறுவனத்தின் வேலை அது. சேகரிப்பு மையத்தில் விவசாயி கொண்டுவரும் பாலை எடை போடுவார்கள். மெட்ரோலாக்கை முக்கி, பாலில் உலர் ரப்பர் எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். அதுதான் டிஆர்சி. வயல் பாலில் பெரும்பாலும் 30-லிருந்து 40-க்குள் வரும். காசு பாலின் எடைக்கு இல்லை, உலர் எடைக்கு. 40 கிலோ பால், டிஆர்சி 35 என்றால் உலர் எடை 14 கிலோ.

ஸ்கிரிப்ட் எழுதிய தம்பி இந்தப் பெருக்கலை ஏற்றும் முன்பே போட்டுவிட்டு, ரசீது எண்ணையும் உலர் எடையையும் மட்டும் வேர்ஹவுஸுக்கு அனுப்பினார். கூடவே, உலர் எடை ஒரு கிலோவுக்குக் கீழே வந்தால் அது தட்டச்சுப் பிழை என்று அந்த வரியைத் தள்ளவும் செய்தார். அன்றைக்கு அவர் கையில் இருந்த மாதிரிக் கோப்புக்கு இரண்டும் சரியாகவே வேலை செய்தன.

ஒரு மையத்தில் டேப்லெட்டில் பதிகிற ஆள் மாறினார். புதியவர் 35 என்று போட வேண்டிய இடத்தில் 0.35 என்று போட்டார். 40-ஐ 0.35-ஆல் பெருக்கி நூறால் வகுத்தால் 0.14 கிலோ. ஒன்றுக்குக் கீழே இருப்பதால் வரி போயிற்று. பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. ஜாப் தினமும் பச்சையாகவே முடிந்தது. டாஷ்போர்டில் அந்த மையத்தின் வரவு சரிந்ததைப் பார்த்தவர்கள், மழையில் பால்வெட்டு நின்றிருக்கும் என்று விட்டுவிட்டார்கள். குமரி மாவட்டத்தில் நம்பக்கூடிய காரணம்தானே.

மாதக்கணக்கு வந்தபோது ஒரு பெரியவர் ரசீதுக் கட்டோடு அலுவலகத்துக்கே வந்துவிட்டார். “எனக்க பாலு எங்கே போச்சு சாரே?” என்று கேட்டார். பதில் சொல்ல வேர்ஹவுஸில் ஒன்றுமே இல்லை. டேப்லெட்டிலிருந்து வரும் கோப்புகள் ஒரு வாரத்தில் அழிக்கப்பட்டுவிடும், ஆகவே மூலக்கோப்பும் இல்லை. மையத்தில் இருந்த நகல் ரசீதுப் புத்தகங்களை வரவழைத்து, உட்கார்ந்து தட்டச்சு செய்தார்கள். எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தருவது இதுதான்: 0.35 என்பது பிழை என்றாலும் அதில் தகவல் இருந்தது. அதைத் தூக்கி எறிந்தது நம் ஸ்கிரிப்ட்.

வந்தபடி ஏற்றியிருந்தால் வேலை இவ்வளவுதான்:

```sql
SELECT rasidu_no,
  kg * IF(drc < 1, drc * 100, drc) / 100 AS ular_kg
FROM (
  SELECT rasidu_no,
    SAFE_CAST(edai AS NUMERIC) AS kg,
    SAFE_CAST(drc AS NUMERIC) AS drc
  FROM raw.paal_varavu
)
```

இதை ஒரு வியூவாக வைத்தால், திருத்திய நொடியில் பழைய மாதங்களும் சேர்ந்து சரியாகிவிடும். மெட்ரோலாக் அளவு தோராயம்தான். சில நாள் கழித்து ஆய்வகத்திலிருந்து சரியான டிஆர்சி வந்தாலும் மறுபடி கணக்கிடலாம். உலர் எடை மட்டும் கையில் இருந்தால் அதிலிருந்து பால் எடையையும் டிஆர்சியையும் பிரித்தெடுக்க வழியே கிடையாது.

இப்படி வரிகள் காணாமல் போகின்றனவா என்று கண்டுபிடிக்க இரண்டு எண் போதும். கோப்பில் எத்தனை வரி, மூல டேபிளில் எத்தனை வரி என்று ஒவ்வொரு நாளும் ஒப்பிடுங்கள். பிறகு அன்றைய மொத்தப் பால் எடையை டேங்கர் லாரியின் எடைச்சீட்டோடு ஒப்பிடுங்கள். பால் எடையை ஏற்றாமல் விட்டவரால் இரண்டாவதைச் செய்யவே முடியாது.

“அத்தனையும் வைத்தால் செலவாகாதா” என்று கேட்பார்கள். பிக்குவெரியில் 90 நாள் மாற்றம் இல்லாமல் கிடக்கும் டேபிளின் சேமிப்புக் கட்டணம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ரசீதுத் தரவுக்கு அதெல்லாம் ஒரு செலவே இல்லை.

வகையைத் தானே கண்டுபிடிக்கச் சொல்வது

`--autodetect` போட்டால் பிக்குவெரி அதிகபட்சம் முதல் 500 வரிகளைப் பார்த்து, எந்த நெடுவரிசை எண், எது எழுத்து என்று ஊகிக்கும். மையத்தின் குறியீடு 007 என்றால் அதை எண் என்று எடுத்து 7 ஆக்கிவிடும். பிறகு மையங்களின் பட்டியலோடு ஜாயின் பண்ணினால் ஒன்றும் பொருந்தாது. 600-வது வரியில் யாராவது “35%” என்று எழுதியிருந்தால் அங்கே மொத்த லோடும் விழும். மூல டேபிளில் எல்லா நெடுவரிசையையும் `STRING` ஆகவே வையுங்கள். வகைமாற்றம் மேலே காட்டியபடி உள்ளே நடக்கட்டும். `SAFE_CAST` மாற்ற முடியாத இடத்தில் `NULL` தரும். அந்த `NULL`களைத் தினமும் எண்ணிப் பாருங்கள், மையத்தில் என்ன நடக்கிறது என்று புரிந்துவிடும்.

எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று குறிக்காமல் விடுவது

நெட் போய்ப் போய் வருகிற மலையோர மையங்களிலிருந்து ஒரே கோப்பு இரண்டு முறை வருவது சாதாரணம். எக்ஸ்டர்னல் டேபிள் வழியாக ஏற்றினால் கோப்பின் பெயரையும் கூடவே பிடித்துவிடலாம்:

```sql
INSERT INTO raw.paal_varavu
SELECT *, _FILE_NAME AS src_file, CURRENT_TIMESTAMP() AS load_at
FROM raw.paal_ext
```

ஏற்றும் முன் அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

`LIMIT 10` போட்டால் பில் குறையும் என்று நம்புவது

சாதாரண டேபிளில் குறையாது. படிக்கிற நெடுவரிசைகளுக்குத்தான் காசு.

இஎல்டி என்பதற்காக ஆதாரையும் ஏற்றுவது

இங்கே மட்டும் நான் இடிஎல் பக்கம். விவசாயிகளின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் அந்தக் கோப்புகளில் வரும். மூல டேபிளை எல்லா அனலிஸ்ட்டும் திறந்து பார்ப்பார்கள். இந்தியாவில் 2023-லேயே தனிநபர் தரவுப் பாதுகாப்புக்குச் சட்டம் வந்தாயிற்று. ஹாஷ் பண்ணினால் போதும் என்று ஒரு தம்பி வாதிட்டார். ஆதார் 12 இலக்கம்தான். சாதாரண ஹாஷ் என்றால் எல்லா எண்களையும் ஹாஷ் பண்ணிப் பொருத்திக் கண்டுபிடித்துவிடலாம். பால் கணக்குக்கு ஆதார் தேவையே இல்லை என்பதால் அந்த நெடுவரிசையை வாசலிலேயே வெட்டிவிட்டு, விவசாயிக்கு நிறுவனம் கொடுத்திருக்கும் உறுப்பினர் எண்ணை மட்டும் உள்ளே விடுங்கள்.