தலைப்புகளை மட்டும் படித்தபோது

பால் சேகரிப்பு நிலையங்களுக்கான குளிரூட்டும் கருவிக்கு முதலீடு கேட்டு 14 ஸ்லைடுகள் தயாரித்திருந்தோம். ‘சந்தை’ என்ற ஸ்லைடில் சந்தையின் அளவு, போட்டியாளர், விலை மூன்றும் நெருக்கியடித்துக் கிடந்தன. முதலீட்டாளர் விலையிலேயே நின்றுவிட்டார்.

அன்றிரவு ஒவ்வொரு தலைப்பையும் ஒரே முழு வாக்கியமாக்கினேன்: ‘மாலைப் பால் காலை வண்டி வருவதற்குள் புளித்துவிடுகிறது.’ ‘மேலும்’ என்று எழுத வேண்டிவந்த இடத்தில் ஸ்லைடை இரண்டாக வெட்டினேன். தலைப்பை நிரூபிக்காத வரைபடங்கள், நான் ஆசையாய் வரைந்தது உட்பட, பின்னிணைப்புக்குப் போயின.

பிறகு தலைப்புகளை மட்டும் வரிசையாக மனைவியிடம் படித்துக் காட்டினேன். “நஷ்டம் விவசாயிக்கு, கருவியை வாங்குவது நிலையம். அவர்கள் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?” என்றாள். அதைச் சொல்லும் ஸ்லைடே இல்லை! பால் திரும்பி வந்தால் நிலையமும் கமிஷனை இழக்கிறது என்பதை ஐந்தாவதாகச் சேர்த்தோம்.