தகவல் கசிந்த நாளில் கூட்டக் குறிப்பு எழுதுவது எப்படி?

பாளையங்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லா ரிப்போர்ட்டும் ரிசப்ஷனின் ஒரே மெயிலில் இருந்துதான் போகிறது. செவ்வாய் காலை 9.10க்கு அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு அம்மா போன் செய்கிறார்: “என் ரிப்போர்ட்டை எவனோ வாட்ஸ்அப்ல அனுப்பி ரெண்டாயிரம் ரூவா கேக்கான்.” 11 மணிக்கு டாக்டர், மேனேஜர், கம்ப்யூட்டர் பார்க்கும் தம்பி, ரிசப்ஷன் அக்கா நாலு பேரும் உட்காருகிறார்கள். குறிப்பு எழுதும் வேலை உங்களுக்கு.

1. முதலில் நேரம்

வந்தவர்கள் பெயருக்கு அடுத்த வரியிலேயே “முதலில் தெரியவந்த நேரம்” என்று எழுதுங்கள். டாக்டருக்கு 10.15க்குத்தான் சொன்னார்கள், அதையே போடலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். ரிசப்ஷனில் போனை எடுத்த 9.10தான் கணக்கு. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி, கசிவு தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தகவல் போக வேண்டும். அப்படியானால் கெடு மாலை 3.10. அதையும் பக்கத்திலேயே எழுதி அடிக்கோடு போடுங்கள்.

2. தெரிந்தது, சந்தேகம், தெரியாதது

குறிப்பின் உயிர் இங்கேதான். பேச்சில் இந்த மூன்றும் கலந்தே வரும். நீங்கள் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஆதாரத்தோடு எழுத வேண்டும்.

*தெரிந்தது:* திங்கள் இரவு 11.40க்குப் பழக்கமில்லாத கருவியிலிருந்து மெயிலுக்குள் யாரோ நுழைந்திருக்கிறார்கள் (லாகின் பட்டியல், ஸ்கிரீன்ஷாட் எடுத்தாயிற்று). காலை 9.50க்குப் பாஸ்வேர்டு மாற்றப்பட்டது. வந்த மெயில் தானாக வேறு முகவரிக்குப் போகும்படி ஒரு செட்டிங் இருந்தது, 10.30க்கு நீக்கப்பட்டது.

*சந்தேகம்:* போன வாரம் வந்த போலி “மெயில் நிரம்பிவிட்டது” லிங்கில் பாஸ்வேர்டு போயிருக்கலாம்.

*தெரியாதது:* எத்தனை ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்தார்கள் என்பது. கண்டுபிடிப்பவர்: கம்ப்யூட்டர் தம்பி, மாலை 5 மணிக்குள்.

அந்த ஃபார்வர்டு செட்டிங்கைப் பார்த்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள். பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் அது பாட்டுக்கு மெயிலை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். “எல்லா ரிப்போர்ட்டும் போச்சு” என்று யாராவது பதறினால் அதைத் தெரிந்ததில் எழுதாதீர்கள். “ஒன்றும் போயிருக்காது” என்பதையும்தான். நோயாளி பெயருக்குப் பதில் பில் எண் போதும். ரிசப்ஷன் அக்காவின் தப்பா என்ற வாக்குவாதத்துக்குக் குறிப்பில் இடமில்லை.

3. யாருக்குச் சொல்வது

ஒவ்வொரு முடிவுக்கும் பெயரும் நேரமும் வேண்டும். செர்ட்-இன்னுக்கு மேனேஜர், incident@cert-in.org.in முகவரிக்கு, 2 மணிக்குள். முழு விவரம் கிடைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம், தெரிந்ததை அனுப்பலாம். பணம் அனுப்பி ஏமாந்தவர் இருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழைக்கச் சொல்வது என்றும் எழுதுங்கள்.

2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன. கசிவைத் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் தெரிவிக்கும் பகுதி நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் உண்டு. ஆனாலும் மக்களுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கும் பட்டியல் நல்ல பட்டியல், இப்போதே எடுத்துக்கொள்ளலாம்: என்ன நடந்தது, அதனால் என்ன ஆகலாம், நாங்கள் என்ன செய்தோம், நீங்கள் என்ன செய்ய வேண்டும், யாரிடம் கேட்கலாம்.

4. யார் பேசுவது

“ஸ்டாஃப் பேசுவார்கள்” என்று எழுதினால் யாரும் பேசமாட்டார்கள், இல்லையென்றால் ஆளுக்கொன்று பேசுவார்கள். ஆளைக் குறித்து எழுதுங்கள். நம் நிலையத்தில் இப்படி முடிவானது: பொதுவான ரிப்போர்ட்டுகளுக்கு ரிசப்ஷன் அக்கா, எழுதிக் கொடுத்ததை மட்டும் வாசிப்பார். எச்ஐவி, கர்ப்பம் போன்ற ரிப்போர்ட்டுகளுக்கு டாக்டரே பேசுவார். பத்திரிகைக்காரர்கள் கேட்டால் மேனேஜர் மட்டும்.

எப்படிப் பேசுவது என்பதும் முடிவுதான். மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் அக்கா கொடுத்த நம்பர் மகனுடையதாக இருக்கலாம். அவர் எடுத்தால் “லேபிலிருந்து பேசுகிறோம், அம்மாவிடம் கொடுங்கள்” என்பதோடு சரி. என்ன டெஸ்ட் என்று மூச்சுவிடக் கூடாது. பில்லில் அச்சான நம்பரிலிருந்துதான் அழைக்க வேண்டும். லிங்க் அனுப்பக் கூடாது, ஓடிபி கேட்கக் கூடாது. கேட்டால் நமக்கும் அந்த மோசடிக்காரனுக்கும் என்ன வித்தியாசம் தெரியும்?

5. முடிக்கும்போது

அடுத்த கூட்டம் மாலை 5.30 என்று போட்டு, எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். அப்புறம் ஏதாவது மாறினால் பழைய வரியை அடிக்காமல், கீழே நேரம் போட்டுப் புதிதாக எழுதுங்கள். குறிப்பை அந்த ரிசப்ஷன் மெயிலில் மட்டும் யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள்.