பண்டிகைக் கூட்டு விற்பனைக்குச் சங்கத்துக்குக் கடிதம் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வியாபாரிகள் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருந்த நாட்களில் இப்படிப்பட்ட கடிதங்கள் பலவற்றை நான் படித்திருக்கிறேன். "பண்டிகைக்கு எல்லோரும் சேர்ந்து ஏதாவது செய்யலாம்" என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் செலவை யார், எந்தக் கணக்கில் ஏற்பது என்று பெரும்பாலான கடிதங்களில் இருக்காது. எழுதுபவர் சிறு வியாபாரி என்றால் அந்த ஓட்டையால் முதலில் அடிபடுவது அவரேதான்.

அதிகம் கண்ட தவறு, "எல்லாக் கடைகளிலும் 10 சதவீதத் தள்ளுபடி" என்று எழுதுவது. படிக்கும்போதே மளிகைக்காரர் முகம் மாறிவிடும். 100க்கு விற்றால் 30 நிற்கிற துணிக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். 10 தள்ளிக் கொடுத்தால் நிற்பது 20. பழைய லாபத்தையே எடுக்க ஒன்றரை மடங்கு சரக்கு விற்க வேண்டும். பண்டிகை நேரத்தில் அது நடக்கலாம். ஆனால் 100க்கு 10 மட்டுமே நிற்கிற மளிகைக்கடைக்கு அதே தள்ளுபடி கொடுத்தால் மிஞ்சுவது பூஜ்யம். எத்தனை மடங்கு விற்றாலும் பூஜ்யம்தான். அவர் கூட்டத்தில் எதிர்ப்பார், அல்லது சரி என்று சொல்லிவிட்டு விலையை ஏற்றிப் பிறகு குறைப்பார். இரண்டாவது நடந்தால் வாடிக்கையாளர் மொத்தச் சந்தையையும் நம்பமாட்டார்.

இதைத் தவிர்க்க ஒரு வழி குலுக்கல் பரிசுக் கூப்பன். கூப்பன் புத்தகங்களைக் கடைகள் சங்கத்திடம் விலைக்கு வாங்குகின்றன. வாடிக்கையாளருக்குப் பில்லோடு இலவசமாகக் கொடுக்கின்றன. அதிகம் விற்கும் கடை அதிகப் புத்தகம் வாங்கும் என்பதால் தலைக்கு இவ்வளவு என்று சந்தா பிரிக்கும் சண்டை வராது. எத்தனை ரூபாய் பில்லுக்கு ஒரு கூப்பன் என்பதையும் தொழிலுக்கு ஏற்ப மாற்றலாம். கூப்பன் விலையைப் போல 50 மடங்கு பில்லுக்கு ஒன்று என்று துணிக்கடை கொடுத்தால் அதற்கு ஆகும் செலவு விற்பனையில் 2 சதவீதம். மளிகைக்கடை 200 மடங்குக்கு ஒன்று கொடுத்தால் அரை சதவீதம். இந்த இரண்டு வரியைக் கடிதத்தில் போட்டுவிட்டால் கூட்டத்தில் பாதிக் கேள்விகள் எழாது.

அடுத்த தவறு, வராத பணத்துக்குப் பரிசு அறிவிப்பது. சந்தையில் 40 கடை இருக்கிறது என்பதற்காக 40 கடையும் சேரும் என்று கணக்குப் போடக் கூடாது. 25 கடை சேரும், ஒவ்வொன்றும் 100 கூப்பன் கொண்ட புத்தகம் குறைந்தது இரண்டு வாங்கும் என்று வைத்தால் 5,000 கூப்பன். பரிசு, அச்சு, விளம்பரம் எல்லாம் இந்த 5,000 கூப்பன் விலைக்குள் அடங்க வேண்டும். 25 கடை சம்மதிக்காவிட்டால் திட்டம் இல்லை என்றும் எழுதிவிடுங்கள். விற்காத புத்தகத்தைத் திருப்பித் தரலாமா, எந்தத் தேதிக்குள் என்பதையும் சொல்லுங்கள். குலுக்கலுக்குப் பிறகு பெரிய மனஸ்தாபம் வருவது பெரும்பாலும் இதில்தான். குலுக்கல் பரிசுக்குச் சில இடங்களில் அனுமதி வாங்க வேண்டியிருக்கும், சில இடங்களில் தடையே உண்டு. அதைக் கடிதம் எழுதும் முன்பே விசாரித்துவிட வேண்டும்.

உங்கள் சொந்த லாபத்தை மறைப்பதும் ஒரு தவறு. அச்சகம் உங்கள் உறவினருடையது, அல்லது பரிசுப் பொருள் உங்கள் கடையிலிருந்து வரும் என்றால் அதை நீங்களே முதலில் எழுதுங்கள். பிறர் சொல்லித் தெரிந்தால் நல்ல திட்டமும் அங்கேயே செத்துவிடும்.

காலம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குழு மாதம் ஒருமுறை கூடினால், கூட்டத்துக்கு மறுநாள் போய்ச் சேரும் கடிதம் ஒரு மாதத்தை இழக்கிறது. சம்மதம் வாங்க, அச்சடிக்க, விளம்பரம் செய்ய நேரம் வேண்டும். பண்டிகைக்கு மூன்று மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள்.

கடைசிப் பத்திதான் பலர் கோட்டை விடும் இடம். "தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று முடித்தால் குழு அதைப் பதிவு செய்து கோப்பில் வைக்கும். அவர்கள் அப்படியே தீர்மானமாக நிறைவேற்றக்கூடிய வாசகமாக எழுதுங்கள்:

"இத்திட்டத்தை அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் பொருள் நிரலில் சேர்க்கவும், பெரிய கடை, சிறு கடை, உணவுப் பொருள் கடை ஆகியவற்றிலிருந்து ஒருவர் வீதம் மூவர் கொண்ட துணைக்குழுவை அமைக்கவும், கடைகளிடம் எழுத்துப்பூர்வச் சம்மதம் பெறக் கடைசித் தேதி குறிக்கவும், கூப்பன் பணத்துக்குத் தனிக் கணக்கு வைக்கவும் வேண்டுகிறேன். துணைக்குழுவில் பணியாற்ற நான் தயார்."

கடிதத்தைத் தலைவரின் கடையில் பேச்சோடு பேச்சாகக் கொடுத்துவிட்டு வராதீர்கள். செயலாளர் பெயருக்கு எழுதி, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.