கசப்பான செய்தியைச் சொல்வது எப்படி: தொடர்புத்திறன் ஸ்டேஷனுக்கு ஒரு செய்முறை விளக்கம்

மருத்துவ மாணவர்கள் ஒவ்வொரு ஸ்டேஷனாகச் சென்று ஒரு திறனைச் செய்துகாட்டும் ஓஸ்கி தேர்வின் தொடர்புத்திறன் ஸ்டேஷனில், நோயாளியாக நடிப்பவரிடம் ஒரு கசப்பான செய்தியைச் சொல்லும்படி கேட்கப்படும்போது, மாணவர்கள் பெரும்பாலும் செய்தியை எப்படிச் சொல்வது என்றே பயிற்சி செய்துகொண்டு வருகிறார்கள். செய்தி காதில் விழுந்த பிறகு வரும் ஓரிரு நிமிடங்களுக்கு அவர்களிடம் எதுவும் தயாராக இருப்பதில்லை. என் அனுபவத்தில் அதிக மதிப்பெண் போவது அங்கேதான் என்பதால், இந்த விளக்கம் அந்த இடத்தில் அதிக நேரம் நிற்கும்.

நமக்கு அடித்தளமாக இருப்பது, புற்றுநோய் மருத்துவர்களுக்காக 2000ஆம் ஆண்டில் வெளியான ஸ்பைக்ஸ் என்னும் ஆறு படி முறை: சூழலை அமைத்தல், நோயாளிக்கு என்ன தெரியும் என்று அறிதல், எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று கேட்டல், செய்தியைச் சொல்லல், உணர்வுக்கு ஈடுகொடுத்தல், அடுத்த திட்டம். இதை ஒரே நோயாளியை வைத்துப் பார்ப்போம்.

கதவில் ஒட்டியிருக்கும் குறிப்பு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோத்தகிரி அருகே தேயிலைத் தோட்டத்தில் இலை பறிக்கும் 54 வயதுப் பெண். பல ஆண்டுகளாக வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் உண்டு. நாக்கின் இடது ஓரத்தில் இரண்டு மாதமாக ஆறாத புண். பயாப்ஸி முடிவு: ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, அதாவது நாக்குப் புற்றுநோய். ஸ்கேன் இன்னும் எடுக்கவில்லை. மகன் வெளியே காத்திருக்கிறார். உங்களுக்கு எட்டு நிமிடம்.

முதல் மூன்று படிகள்

சூழலை அமைப்பதற்கு அரை நிமிடம் போதும். உட்காருங்கள், பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளுங்கள், செல்போனை அணைத்துவிட்டதைச் சொல்லுங்கள், நாற்காலியை மேசையின் பக்கவாட்டுக்கு நகர்த்துங்கள். பிறகு, "அம்மா, இந்தப் புண்ணைப் பத்தி இதுவரைக்கும் உங்ககிட்ட என்ன சொல்லியிருக்காங்க?" என்று கேளுங்கள். "வாய்ப்புண்ணுன்னாங்க, சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினாங்க" என்று அவர் சொன்னால், புற்றுநோய் என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை என்று தெரிகிறது. "அதுவா இருக்குமோன்னு பயமா இருக்குங்க" என்று சொன்னால், பாதித் தூரம் அவரே வந்துவிட்டார். இந்த இரண்டு பேருக்கும் ஒரே வேகத்தில் செய்தியைச் சொல்ல முடியாது.

மூன்றாம் படியை அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். "ரிப்போர்ட் வந்திருக்கும்மா. எல்லா விவரமும் இப்பவே சொல்லவா? கூட யாராச்சும் இருக்கணுமா?" என்று கேட்பது நோயாளிக்கு விருப்பத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. சில ஸ்டேஷன்களில் மகன் முன்கூட்டியே வந்து, "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்று கேட்பதாக அமைத்திருப்பார்கள். அவரைக் கடிந்துகொள்ளாமல், தாயைக் காக்க நினைக்கிறார் என்பதை ஒப்புக்கொண்டு, எவ்வளவு தெரிய வேண்டும் என்பதைத் தாயிடமே கேட்கப் போவதாகச் சொல்லுங்கள். தெரிய வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டால் மறைக்க இயலாது என்பதையும் மகனிடம் தெளிவாக்கிவிடுங்கள்.

செய்தியைச் சொல்லுதல்

முதலில் ஓர் எச்சரிக்கை வாக்கியம்: "நாம எதிர்பார்த்த மாதிரி நல்ல செய்தி இல்லம்மா." இரண்டு மூச்சு நேரம் நிறுத்துங்கள். பிறகு ஒரே வாக்கியம்: "உங்க நாக்குல இருக்கற புண்ணு கேன்சர்னு டெஸ்டுல தெரிஞ்சிருக்கு." கட்டி, வளர்ச்சி, கெட்ட செல் என்று சுற்றி வளைத்தால், வாய்ப்புண் என்றே நினைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்விடக்கூடும். இந்த வாக்கியத்தை மூன்றாவது நிமிடத்துக்குள் சொல்லிவிட்டால், மீதி நேரம் அவருக்குக் கிடைக்கும்.

இப்போது பேச்சை நிறுத்துங்கள். அவராகப் பேசும்வரை அல்லது உங்களை நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருங்கள். ஐந்து வினாடி மௌனம்கூடத் தேர்வறையில் மிக நீளமாகத் தோன்றும். அதைத் தாங்க முடியாமல்தான் மாணவர்கள், "இது ஆரம்பத்துல கண்டுபிடிச்சா குணமாகும், ஆபரேஷன் இருக்கு, கதிர்வீச்சு இருக்கு" என்று ஓடத் தொடங்குகிறார்கள். அவர் அதில் ஒரு சொல்லைக்கூடக் கேட்டிருக்க மாட்டார். குனிந்த தலையோடு எல்லாவற்றுக்கும் "சரிங்க, சரிங்க" என்றால் அதற்கு அடையாளம் அதுவே.

உணர்வுக்கு ஈடுகொடுத்தல்

இந்தப் படியில் மூன்று வேலைகள் உண்டு: எதைப் பார்க்கிறீர்களோ அதைச் சொல்வது, அது இயல்பானதே என்று உணர்த்துவது, மேலும் பேச இடம் விடுவது. "இதைக் கேட்டதும் அதிர்ச்சியா இருக்குன்னு தெரியுதும்மா. யாருக்கா இருந்தாலும் அப்படித்தான் இருக்கும். இப்ப உங்க மனசுல என்ன ஓடுது?" மனப்பாடம் செய்து ஒப்பித்தால் இது உதவாது; அவருடைய முகத்தில் இருப்பது பயமா, கோபமா, திகைப்பா என்று பார்த்து, அந்தச் சொல்லை இட வேண்டும். "உங்க கஷ்டம் எனக்குப் புரியுது" என்பதைத் தவிர்க்கலாம், "உங்களுக்கு என்னவா இருக்கு?" என்று கேட்பது நேர்மையானது. "கவலைப்படாதீங்க" என்பது ஆறுதலாகத் தோன்றினாலும், அழுகையை நிறுத்தச் சொல்லும் கட்டளையாகவே விழும்.

கேள்வி போலத் தோன்றுபவை எல்லாம் கேள்விகள் அல்ல. "எனக்கா டாக்டர்? நல்லாப் பாத்தீங்களா?" என்று அவர் கேட்கும்போது, நுண்ணோக்கியில் என்ன தெரிந்தது என்று விளக்கத் தொடங்கினால் தவறிவிடுவீர்கள். "ரிப்போர்ட்டுல சந்தேகம் இல்லம்மா. நம்ப முடியாத மாதிரிதான் இருக்கும்" என்று நிறுத்துங்கள்.

இந்த நோயாளியிடம் கட்டாயம் வரக்கூடிய மற்றொன்று: "நான் வெத்தலை போட்டதாலயா?" பொய் சொல்லக் கூடாது, உபதேசமும் கூடாது. "புகையிலை ஒரு காரணமா இருக்கலாம்மா. ஆனா உங்களைக் குறை சொல்ல நாம உக்காரல. இதை எப்படிச் சரி பண்றதுன்னு பாக்கத்தான் உக்காந்திருக்கோம்." புகையிலையை நிறுத்தும் பேச்சுக்கு அடுத்த சந்திப்பில் நேரம் இருக்கிறது.

"நான் பொழைப்பேனா?" என்றால், நோயின் நிலை தெரியாமல் ஆண்டுக் கணக்கு சொல்ல முடியாது. "எவ்வளவு தூரம் பரவியிருக்குன்னு ஸ்கேன் பாத்தாத்தான் சொல்ல முடியும். தெரிஞ்சதும் மறைக்காம சொல்றேன். இப்ப எதை நெனச்சு ரொம்பப் பயமா இருக்கும்மா?" இந்த நோயாளிக்கு, சாவைவிட, பேச முடியாமல் போகுமோ, தினக்கூலி நின்றால் வீடு என்னவாகும் என்பவை முன்னே நிற்கலாம். கேட்காமல் தெரியாது.

அடுத்த திட்டம்

"இப்ப என்ன பண்ணணும்?" என்று அவரே கேட்கும்போது, அவர் கேட்கத் தயாராகிவிட்டார். இரண்டு மூன்று செய்திகளோடு நிறுத்துங்கள்: கழுத்துக்கும் நெஞ்சுக்கும் ஸ்கேன், பிறகு பல துறை மருத்துவர்கள் சேர்ந்து முடிவெடுப்பார்கள், நாக்குப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சையே முதலில் வரும், அதன்பின் தேவைப்பட்டால் கதிர்வீச்சு. கதிர்வீச்சுக்குக் கோவைக்கு இறங்க வேண்டியிருந்தால் போக்குவரத்து, தங்குமிடம், கூடப் போகும் ஆள் ஆகியவற்றைப் பற்றிக் கேளுங்கள். மலையில் இருப்பவர்கள் சிகிச்சையைத் தள்ளிப்போட இவையும் காரணமாகலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேட்டு, மருத்துவமனையின் காப்பீட்டு அலுவலரிடம் அனுப்புவதாகச் சொல்லுங்கள்.

முடிக்கும்போது, "வீட்டுக்குப் போய் மகன்கிட்ட என்ன சொல்வீங்க?" என்று கேட்டால், எவ்வளவு மனத்தில் நின்றது என்பது அவர் வாயிலிருந்தே தெரிந்துவிடும். அவர் விரும்பினால் மகனை அப்போதே உள்ளே அழைத்து, அவர் முன்னிலையில் சொல்லலாம். திட்டத்தைச் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும்போல் இருந்தால், அறுவை சிகிச்சை விவரங்களை விட்டுவிட்டு, அடுத்த சந்திப்பு எந்த நாள், யாரைப் பார்க்க வேண்டும், இடையில் சந்தேகம் வந்தால் எங்கே கூப்பிட வேண்டும் என்ற மூன்றை மட்டும் சொல்லிவிட்டு எழுந்திருங்கள்.