கேபிள் மாட்டியும் கண்ட்ரோலர் துண்டிக்கிறதா?

ஆட்டத்தின் உச்சக்கட்டத்தில் திரை நின்று, கண்ட்ரோலர் இணைப்பு போய்விட்டது என்று ஒரு பெட்டி எட்டிப்பார்க்கும். பெரும்பாலானவர்கள் அடுத்து செய்வது ஒன்றுதான்: கண்ட்ரோலரை ப்ளூடூத் பட்டியலிலிருந்து அழித்துவிட்டு மறுபடி பேரிங் செய்வது. கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் மறுபடி போகும். பேரிங் கெட்டுப்போனால் கண்ட்ரோலர் ஆரம்பத்திலேயே சேராது. அரை மணி நேரம் ஒழுங்காக ஓடிவிட்டு நடுவில் போகிறது என்றால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. மின்சாரம் போதவில்லை, அல்லது சிக்னல் போய்ச் சேரவில்லை. இந்த இரண்டில் எது என்று பிரித்துப் பார்க்காமல் எதைச் செய்தாலும் அது குருட்டு வைத்தியம்தான்.

அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். பட்டன் எதையும் தொடாமல் கதைக் காட்சியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் போகிறதா? அது கோளாறே இல்லை. எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலர் 15 நிமிடம் சும்மா இருந்தால் தானாக அணைந்துவிடும். பிளேஸ்டேஷனில் 10, 30, 60 நிமிடம் என்று நாமே தேர்ந்துகொள்ளலாம். அங்கே 10 என்று வைத்திருந்தால் நீளமான காட்சி ஒன்று போதும், அணைந்துவிடும்.

இனி கேபிள். "சார்ஜர் கேபிளை மாட்டியும் கட் ஆகுது, அப்போ கண்ட்ரோலர் போச்சு" என்ற முடிவுதான் நான் அதிகம் கேட்பது. இதில் இரண்டு தவறான ஊகங்கள் ஒளிந்திருக்கின்றன.

முதல் ஊகம், எல்லா யுஎஸ்பி கேபிளும் ஒன்று என்பது. சாதாரண யுஎஸ்பி கேபிளுக்குள் நான்கு கம்பிகள் இருக்க வேண்டும். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. பவர்பேங்க், டிரிம்மர், டார்ச், விலை குறைந்த இயர்பட்ஸ் இவற்றோடு வரும் குட்டி கேபிள்கள் பலவற்றில் தகவல் கம்பிகளே இருப்பதில்லை. வெளியே பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. கண்ட்ரோலரில் சார்ஜ் விளக்கு எரியும், ஆனால் ஆட்டத்தின் சிக்னல் முழுக்கக் காற்று வழியேதான் போய்க்கொண்டிருக்கும். கேபிள் எப்படிப்பட்டது என்று பார்க்க, அதே கேபிளால் ஒரு போனை கணினியோடு இணையுங்கள். கோப்புப் பரிமாற்றத்துக்கான தேர்வு வந்தால் தகவல் கம்பி இருக்கிறது. சார்ஜ் மட்டும் ஏறினால் இன்னொரு முறை வேறு நல்ல கேபிளில் போனைச் சோதித்து, போனில் பிரச்சினை இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது ஊகம், தகவல் கேபிள் மாட்டினால் ப்ளூடூத் தானாக விலகிவிடும் என்பது. பிஎஸ்4, பிஎஸ்5 இரண்டிலும் இதற்குத் தனி அமைப்பு உண்டு. பிஎஸ்4-இல் Settings, Devices, Controllers என்று போனால் Communication Method என்று இருக்கும். பிஎஸ்5-இல் Accessories-க்குள் தேட வேண்டும். அங்கே Use Bluetooth என்று இருக்கும்வரை எவ்வளவு நல்ல கேபிளை மாட்டினாலும் அது சார்ஜ் ஏற்றும் வேலையைத்தான் செய்யும். Use USB Cable என்று மாற்றினால்தான் சிக்னலும் கம்பி வழியே போகும்.

இது தெரிந்துவிட்டால் அந்த உதவாக்கரைக் கேபிளையே சோதனைக் கருவியாக்கலாம். தகவல் கம்பி இல்லாத கேபிளைப் போன் சார்ஜரில் செருகி, கண்ட்ரோலரில் மாட்டிக்கொண்டு வழக்கமாகக் கட் ஆகும் ஆட்டத்தை ஆடுங்கள். இப்போது மின்சாரம் வெளியிலிருந்து வருகிறது, சிக்னல் மட்டும் காற்றில். துண்டிப்பு நின்றுவிட்டால் குற்றவாளி பேட்டரி. நிற்கவில்லை என்றால் பெரும்பாலும் சிக்னல்தான். அடுத்து தகவல் கேபிளை கன்சோலில் மாட்டி Use USB Cable வைத்து ஆடுங்கள். இதில் நின்றால் சிக்னல் பிரச்சினை என்பது உறுதி. இதிலும் போகிறதா, கேபிள், சார்ஜிங் வாய், உள்ளே உள்ள போர்டு இவற்றில் ஏதோ ஒன்று.

பேட்டரி என்று தெரிந்தபின் "மூன்று கோடு காட்டுதே" என்று வாதாடுவது அடுத்த தவறு. பழைய பேட்டரி சும்மா இருக்கும்போது நல்ல வோல்டேஜ் காட்டும். வெடிச் சத்தம் வந்து அதிர்வு மோட்டார் சுழன்றதும் சட்டென்று நிறைய மின்னோட்டம் தேவைப்படும், அந்த நொடியில் வோல்டேஜ் சரியும், கண்ட்ரோலர் அணைந்துபோகும். மறுபடி ஆன் செய்தால் அதே மூன்று கோடு! அமைப்பில் அதிர்வை நிறுத்திவிட்டு ஆடிப்பாருங்கள், துண்டிப்பு கணிசமாகக் குறைந்தால் சந்தேகமே வேண்டாம். பிஎஸ்4-இன் கண்ட்ரோலரான டூயல்ஷாக் 4-இல் இருப்பது 1000 எம்ஏஎச், பிஎஸ்5-இன் டூயல்சென்ஸில் 1560 எம்ஏஎச். பழைய டூயல்ஷாக்கில் இந்தத் தொல்லை தலைகாட்டுவதில் ஆச்சரியமில்லை.

எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலரில் இரண்டு பென்சில் பேட்டரி போடுகிறோம். இங்கே தவறு கடையிலேயே நடந்துவிடுகிறது. சுவர்க் கடிகாரத்துக்கு வாங்கும் மலிவான செல் கார்பன் ஜிங்க் வகை, அதன் உறையில் R6 என்று அச்சாகியிருக்கும். அல்கலைன் என்றால் LR6. ரீசார்ஜ் செய்யும் நிக்கல் வகை என்றால் HR6. கடிகாரத்துக்கு R6 போதும், மோட்டார் சுழலும் கண்ட்ரோலருக்குப் போதாது. ஒரு பழையதும் ஒரு புதியதும் கலந்து போடுவதும் வேண்டாம். HR6 போடுகிறவர்கள் ஒன்றை நினைவில் வைத்தால் நல்லது. அதன் வோல்டேஜ் 1.2-ஐ ஒட்டி நெடுநேரம் அசையாமல் இருந்து கடைசியில் மடமடவென்று இறங்கும். அதனால் திரையில் தெரியும் பேட்டரிப் படத்தை நம்பி உட்கார முடியாது.

சிக்னல் பக்கம் வந்தால் பலரும் முதலில் திட்டுவது வைஃபையை. அதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. ப்ளூடூத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் ஒரே அலைவரிசைப் பட்டையில் நெருக்கியடிக்கின்றன. ஆனால் ப்ளூடூத் அந்தப் பட்டையை 79 சிறு சேனல்களாகப் பிரித்து, நொடிக்கு 1600 முறை தாவிக்கொண்டே இருக்கும். நெரிசலான சேனல்களைத் தவிர்க்கவும் அதற்குத் தெரியும். பட்டை முழுவதும் இரைச்சல் பரவினால் மட்டும் தாவ இடமில்லாமல் திணறும். அப்படிப் பரப்புகிற ஒரு பொருள் பல மேஜைகளில் யாரும் சந்தேகிக்காமல் உட்கார்ந்திருக்கிறது, அதுதான் யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க். யுஎஸ்பி 3 இணைப்பும் அதன் கேபிளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் கசியவிடும் என்று 2012-இல் இன்டெல் நிறுவனமே ஒரு ஆய்வறிக்கையில் விளக்கியிருக்கிறது.

எனக்குத் தெரிந்த பையன் ஒருவனின் கணினியில் நடந்தது இது. ஆட்டம் புதிய பகுதியை லோட் செய்யும்போதெல்லாம் கண்ட்ரோலர் போகும், மற்ற நேரத்தில் ஒரு சிக்கலும் இல்லை. ஆட்டத்தில்தான் கோளாறு என்று இரண்டு தடவை அழித்து நிறுவிவிட்டான். டவர் மேஜைக்குக் கீழே, ப்ளூடூத் டாங்கிள் அதன் பின்பக்கம். அந்த டாங்கிளுக்கு ஒட்டிய போர்ட்டில் யுஎஸ்பி 3 வெளி டிஸ்க், ஆட்டம் இருந்ததும் அதே டிஸ்கில். லோட் ஆகும்போது டிஸ்க் வேலை செய்கிறது, இரைச்சல் கிளம்புகிறது, பக்கத்தில் உள்ள டாங்கிளுக்குக் காது அடைத்துப்போகிறது.

ஆட்டத்தைத் திறக்காமலே இதை உறுதி செய்தோம். விண்டோஸில் Win + R அழுத்தி இதைத் தட்டச்சு செய்தால் கண்ட்ரோலரின் சோதனைப் பலகை வரும்:

```
joy.cpl
```

கண்ட்ரோலரைத் தேர்ந்து Properties திறந்து, ஸ்டிக்கை வட்டமாகச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நேரத்தில் டிஸ்கிலிருந்து பெரிய கோப்பு ஒன்றை நகல் எடுத்தால், திரையில் உள்ள சிலுவைக்குறி தடுக்கித் தடுக்கி நகரும், சில சமயம் அப்படியே உறையும். நகல் முடிந்ததும் சீராகிவிடும். ஒரு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிளில் டாங்கிளைச் செருகி மேஜைமேல், கண்ட்ரோலருக்கு நேராகத் தெரியும்படி வைத்ததும் தொல்லை நின்றது. எக்ஸ்டென்ஷனுக்கும் தகவல் கம்பி வேண்டும், அது இல்லாவிட்டால் டாங்கிளைக் கணினி பார்க்கவே பார்க்காது. டாங்கிளை மேஜைக்கடியில், உலோகப் பெட்டிக்குப் பின்னால், நம் கால்களும் குறுக்கே வரும் இடத்தில் வைப்பதே ஒரு தவறு. உடம்பில் இருக்கும் தண்ணீர் இந்த அலையை நன்றாக உறிஞ்சும். கன்சோலில் வெளி டிஸ்க் வைத்திருப்பவர்களும் அதைக் கன்சோல்மேல் அடுக்காமல் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்க்கலாம்.

மடிக்கணினியில் கதை சற்று வேறு. அங்கே வைஃபையும் ப்ளூடூத்தும் பெரும்பாலும் ஒரே அட்டையில் இருக்கின்றன. பெரிய டவுன்லோடு 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும்போது ப்ளூடூத்துக்கு முறை கிடைப்பது குறையும். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் போதும்.

எத்தனை கருவிகளைச் சேர்க்கலாம் என்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. பட்டியலில் எத்தனை பேரிங் இருக்கிறது என்பது வேறு, ஒரே நேரத்தில் எத்தனை இணைந்திருக்கின்றன என்பது வேறு. பட்டியலைக் காலி செய்வதால் பயன் இல்லை, இணைந்திருப்பவைதான் கணக்கு. பிஎஸ்4-க்கு நான்கு கண்ட்ரோலர், எக்ஸ்பாக்ஸுக்கு எட்டு. சாதாரண ப்ளூடூத் அடாப்டர் கணக்குப்படி ஏழு கருவிகளை ஏற்கும், ஆனால் அதில் ஒன்று ஹெட்செட் என்றால் கணக்கே மாறிவிடும், ஏனென்றால் ஒலி நிறைய நேரத்தை விழுங்கும். நின்டெண்டோ ஸ்விட்சில் எட்டு கண்ட்ரோலர்வரை சேரலாம், ப்ளூடூத் ஹெட்போன் மாட்டினால் இரண்டுதான் என்று நிறுவனமே கட்டுப்படுத்திவிட்டது. விருந்தாளி வந்து மூன்றாவது கண்ட்ரோலரை ஆன் செய்தபோது அல்லது ஹெட்போன் இணைத்தபோது துண்டிப்பு தொடங்கியது என்றால் முதலில் ஹெட்போனை விலக்குங்கள். கம்பி ஹெட்போனை கண்ட்ரோலரில் செருகுவது தீர்வல்ல, அந்த ஒலியும் கண்ட்ரோலருக்குக் காற்று வழியேதான் வர வேண்டும். டிவியிலோ கணினியிலோ நேராகச் செருகுங்கள்.

கடைசியாக, தகவல் கேபிளில் Use USB Cable வைத்தும் போகிறது என்ற வகை. வேறு தகவல் கேபிளை மாற்றிப் பாருங்கள். மாட்டிய முனையை லேசாக ஆட்டும்போது போய்ப் போய் வந்தால் சார்ஜிங் வாய் தளர்ந்திருக்கிறது. டூயல்ஷாக் 4-இல் அது தனியான சின்ன போர்டு, மலிவாகவே கிடைக்கும். ஆனால் கண்ட்ரோலரின் பதிப்புக்கு ஏற்ப அதன் பட்டைக் கேபிளில் பின் எண்ணிக்கை மாறும், எனவே திறந்து போர்டில் அச்சாகியிருக்கும் எண்ணைப் பார்த்த பிறகே வாங்குங்கள்.